உள்பெட்டியில் 6,400 மின்னஞ்சல்கள்: தினமும் குறித்த நேரத்தில் பிரித்து முடிக்கும் முறை வேண்டும்

கொங்கு மெர்ச்சண்டைசர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் ஒரு பையர், அமெரிக்காவில் ஒரு பையர், இங்கே சாயப்பட்டறை, பிரிண்டிங், டிரிம்ஸ் கொடுப்பவர்கள், கப்பல் ஏஜென்ட், எங்கள் கணக்குப் பிரிவு என்று நாளொன்றுக்கு நூற்றிருபது மின்னஞ்சல்கள் வரையில் வருகின்றன. நிறுவனத்தின் அஞ்சல் கூகுளின் ஜிமெயிலில்தான் இயங்குகிறது. இன்று காலை எண்ணிப் பார்த்தபோது உள்பெட்டியில் 6,400 அஞ்சல்கள் இருந்தன.

நான் அஞ்சல்களைப் படிக்காமல் விடுபவன் அல்லன். வந்தவுடன் திறந்து படித்துவிடுகிறேன்; ஆனால் படித்த பிறகு அது அங்கேயே கிடக்கிறது. சென்ற மாதம் பையர் அனுப்பிய அளவுத் திருத்தம் ஒன்றை நான் படித்திருந்தும் பேட்டர்ன் மாஸ்டரிடம் சேர்க்க மறந்துவிட்டேன். பழைய அளவில் நாற்பது சாம்பிள்கள் தைத்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. செய்ய வேண்டியவை, வைத்துக்கொள்ள வேண்டியவை, அழிக்க வேண்டியவை என்று தினமும் குறித்த நேரத்தில் பிரித்து முடிக்கும் ஒழுங்கு ஒன்றை, உண்மையில் கடைப்பிடித்து வருபவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

வரிக்கணக்கு

நண்பரே, நான் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுபவன். என் முறை எளியது. வேலை இருக்கும் அஞ்சலைப் படித்த பின் மீண்டும் 'படிக்காதது' என்று குறித்துவிடுவேன். தடித்த எழுத்தில் தெரிகிற வரையில் அது முடியவில்லை என்று பொருள். வேலை முடிந்ததும் படித்ததாக மாற்றிவிடுவேன். அழிப்பதைப் பொறுத்தவரை, ஜிஎஸ்டி சட்டப்படி ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஆகவே இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஆறு ஆண்டுகள் கடந்த அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக அழித்துவிடலாம்.

மாலைநேர ஆசிரியை

எனக்கும் இதே தொல்லைதான். 15 ஜிபி நிறைந்துவிட்டது, இனி அஞ்சல் வராது என்று எச்சரிக்கை வருகிறது. விளம்பர அஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அழித்துப் பார்த்தேன், அளவு குறையவே இல்லை. மாணவர்கள் அனுப்பிய ஒப்படைப்புகளைத் தொட அஞ்சுகிறேன். கொங்கு அண்ணா என்ன செய்தார் என்று அறிந்தால் நானும் அப்படியே செய்வேன்.

பழைய கோப்பு

ஏற்றுமதி ஆவணப் பிரிவிலும் மெர்ச்சண்டைசிங்கிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஆசிரியை அவர்களுக்கு: உங்களுடையது வேறு சிக்கல். விளம்பர அஞ்சல்கள் எண்ணிக்கையில் பெரியவை, எடையில் சிறியவை. அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியது அன்று; டிரைவும் போட்டோஸும் அதிலேயே பங்கு போடுகின்றன. தேடல் பெட்டியில் கீழே உள்ளதைத் தட்டினால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை தெரியும்.

```
has:attachment larger:10M
```

ஒப்படைப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டு அந்த அஞ்சல்களை மட்டும் அழியுங்கள். அழித்தவை குப்பையில் முப்பது நாள்கள் இருக்கும். அதுவரை இடம் விடுபடாது. குப்பையையும் காலி செய்தால்தான் அளவு குறையும்.

இனி கொங்கு தம்பிக்கு. வரிக்கணக்கு ஐயா சொன்ன 'படிக்காதது' குறி ஒரு நாளைக்குப் பத்து அஞ்சல் வருபவருக்கு உதவலாம். நூற்றிருபது வரும் இடத்தில் அந்தத் தடித்த எழுத்து இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்லத் தொடங்கிவிடும்: 'இதை இன்னும் பார்க்கவில்லை' என்பதும், 'பார்த்தாயிற்று, வேலை பாக்கி' என்பதும். இரண்டும் கலந்தபின் எது எது என்று அறிய ஒவ்வொன்றையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். நீங்கள் உள்பெட்டியில் ஒரே அஞ்சலை மூன்றாம் முறை திறக்கிறீர்கள் என்றால், முதல் இரண்டு முறையும் படித்தீர்களே ஒழிய முடிவெடுக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். அளவுத் திருத்தம் தவறியதும் அப்படித்தான்.

பிரிக்க உட்காரும் நேரத்தை உங்கள் பையரின் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆகவே அமெரிக்க அஞ்சல்கள் அனைத்தும் இரவில் வந்து, நீங்கள் காலையில் வரும்போது மொத்தமாகக் காத்திருக்கும். ஜெர்மனியில் ஒன்பது மணி நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. அவர்களுடைய முதல் அலை அடங்க மூன்று மணியாகும். நான் காலை ஒன்பதரைக்கு முக்கால் மணி நேரமும், மூன்றரைக்கு முக்கால் மணி நேரமும் வைத்திருந்தேன். இடையில் திறந்து பார்ப்பது தவறன்று, ஆனால் அது பிரிப்பு ஆகாது. பிரிக்க உட்கார்ந்தால் மேலிருந்து கீழாக ஒன்றையும் தாண்டாமல் போக வேண்டும். கடினமானதைத் தாண்டிப் போனால் நாளடைவில் உள்பெட்டியில் தங்குவது முழுவதும் கடினமானவையாகவே இருக்கும்.

குவிந்துள்ள 6,400 அஞ்சல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முயலாதீர்கள். மூன்று வாரத்துக்கு முந்தியவற்றில் உயிருள்ளது எதுவாக இருந்தாலும் யாராவது மறுபடி கேட்டிருப்பார்கள். அவற்றைக் கீழே உள்ளதைக் கொண்டு தேடி, பக்கத்தில் தெரியும் ஐம்பதை மட்டும் அல்லாமல் தேடலுக்குப் பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, 'பழையது' என்று லேபிள் இட்டு ஆர்க்கைவ் செய்துவிடுங்கள்.

```
in:inbox older_than:21d
```

இதற்கு முன் ஒன்றை மறக்காமல் செய்ய வேண்டும். அமைப்புகளில் உரையாடல் பார்வையை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது ஓர் இழையில் ஒரே ஓர் அஞ்சல் பழையதாக இருந்தாலும் முழு இழையும் தேடலில் வரும். ஆர்க்கைவ் செய்தால் நேற்று வந்த அஞ்சலும் சேர்ந்து போய்விடும். பையர்கள் மூன்று மாதத்துக்கு முந்தைய இழைக்கே பதில் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் இது நம் தொழிலில் அடிக்கடி நேரும்.

வரிக்கணக்கு ஐயாவுக்கு ஒரு திருத்தம். ஆறு ஆண்டுகள் என்பது சரி, ஆனால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2022 ஏப்ரலில் போட்ட இன்வாய்ஸ் 2022-23 நிதியாண்டைச் சேர்ந்தது. அதன் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. எனவே 2029 டிசம்பர் 31 வரை அது இருக்க வேண்டும். ஏழரை ஆண்டுகளுக்கும் மேல் வருகிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரை அல்லது இந்த 72 மாதம் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை.

வரிக்கணக்கு

நீங்கள் சொன்னதே சரி, அம்மா. பிரிவு 36 அப்படித்தான் சொல்கிறது. வாயில் வந்ததை எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயினும் 'படிக்காதது' குறியை நான் விடப் போவதில்லை. எனக்கு வருபவை நாளுக்கு முப்பதுதான்.

கொங்கு மெர்ச்சண்டைசர்

உரையாடல் பார்வையை அணைத்துவிட்டேன். பழையவற்றையும் ஒதுக்கிவிட்டேன், உள்பெட்டியில் இப்போது 740 இருக்கின்றன. ஆனால் முதல் அஞ்சலிலேயே நின்றுவிட்டேன். நேற்று ஜெர்மன் பையரிடமிருந்து வந்தது அது. அதில் நான்கு செய்திகள் உள்ளன: நேவி நிறத்தின் சாய மாதிரியான லேப் டிப்பில் பி ஆப்ஷன் அப்ரூவ்; சிவப்பு ரிஜெக்ட், மறுபடி அனுப்புக; திருத்திய அளவு அட்டவணை இணைப்பில் உள்ளது; சரக்கு தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் தேதி என்னவென்று தெரிவிக்கவும். இது வேலையா, வைத்துக்கொள்ள வேண்டியதா? எந்தப் பெட்டியில் போடுவது?

பழைய கோப்பு

நீங்கள் நின்ற இடத்தில்தான் பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள். அஞ்சலை எங்கே போடுவது என்று கேட்பதால் வருகிற தடுமாற்றம் அது. அஞ்சல் வெறும் உறை. பிரிக்க வேண்டியது உள்ளே இருக்கும் செய்திகளை.

நேவி அப்ரூவல் உங்களுக்கு வேலையை மட்டும் தருவதன்று, ஆதாரத்தையும் தருகிறது. நாளை நிறம் சரியில்லை என்று டெபிட் நோட் வந்தால் உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான். ஆகவே அஞ்சலை பிடிஎஃப் ஆக்கி அந்த ஆர்டரின் கோப்புறையில் 'அப்ரூவல்' என்பதற்குள் தேதியிட்டு வையுங்கள். அதே மூச்சில் சாயப்பட்டறைக்கு 'நேவி பி, பல்க் போடலாம்' என்று எழுதிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற எதையும் பட்டியலில் எழுதக் கூடாது. எழுதுகிற நேரத்தில் அது முடிந்துவிடும்.

சிவப்பு ரிஜெக்ட் என்பது இரண்டு நிமிட வேலையன்று. பையரின் குறிப்பை, அதாவது சாயல் மஞ்சள் பக்கம் சாய்கிறதா, ஆழம் போதவில்லையா என்பதை, சாயப்பட்டறைக்குச் சொல்லி, புதிய டிப் வரவழைத்து, லைட் பாக்ஸில் பார்த்து, கூரியரில் அனுப்ப வேண்டும். உங்கள் வேலைப் பட்டியலில் 'சிவப்பு லேப் டிப்' என்று தலைப்பைப் போல் எழுதாதீர்கள்; ஒரு வாரம் கழித்துப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே விளங்காது. 'சிவப்புக்குப் புதிய டிப் கேட்டுப் பட்டறைக்கு எழுது, வியாழனுக்குள் வர வேண்டும்' என்று வினையில் முடித்து எழுதுங்கள். எழுதி அனுப்பியவுடன் அந்த வரி 'காத்திருப்பு' ஆகிவிடுகிறது. வியாழனன்று கேட்க வேண்டியது பட்டறையை.

அளவு அட்டவணையைக் கோப்புறையில் வைப்பது பாதி வேலைதான். பழைய அட்டவணையின் பெயருக்கு முன்னால் 'ரத்து' என்று சேர்த்து, பேட்டர்ன் மாஸ்டரின் மேசையில் உள்ள அச்சுப்பிரதியை வாங்கிக் கிழித்து, புதியதைக் கையில் கொடுத்து, கொடுத்த தேதியை உங்கள் பட்டியலில் குறிக்க வேண்டும். உங்கள் நாற்பது சாம்பிள்கள் பழைய தாள் அவர் மேசையில் கிடந்ததால் போனவை என்றே எண்ணுகிறேன்.

புறப்படும் தேதியை நீங்களாகச் சொல்ல முடியாது. புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்க வேண்டும். அவரோ சிவப்பு அப்ரூவ் ஆகாமல் சொல்ல மாட்டார். ஆகவே பையருக்கு இன்றே இரண்டு வரி: 'சிவப்பு அப்ரூவ் ஆன இரண்டு வேலை நாள்களில் தேதியை உறுதி செய்கிறோம்.' இதுவும் காத்திருப்பில் ஒரு வரி.

இவ்வளவும் முடிந்தால் அந்த அஞ்சலுக்கு உள்பெட்டியில் இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆர்க்கைவ். எனக்கு இப்படிப்பட்ட ஓர் அஞ்சலுக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். முக்கால் மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் இவ்வகை வந்தால், மற்றவற்றை முடித்துவிட்டு இவற்றுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவேன். மீதி நூற்றுச் சொச்சமும் பெரும்பாலும் நகலாக வந்தவை, 'நன்றி' என்று மட்டும் சொல்பவை, தானியங்கி அறிவிப்புகள். அவற்றுக்கு ஒன்றுக்குச் சில விநாடிகள் போதும்.

கொங்கு மெர்ச்சண்டைசர்

வேலைப் பட்டியலில் இருந்து மூல அஞ்சலுக்குத் திரும்பிப் போவது எப்படி, அக்கா? பையர் 'ஆர்ஈ: ஆர்ஈ: அப்டேட்' என்றுதான் பொருள் எழுதுகிறார். வந்த அஞ்சலின் பொருளை மாற்ற ஜிமெயில் விடுவதில்லை.

பழைய கோப்பு

பெரும்பாலான வரிகளுக்கு ஆர்டரின் பி.ஓ. எண்ணும் அஞ்சலின் தேதியும் போதும். இரண்டையும் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அஞ்சலில் பி.ஓ. எண்ணே இல்லாத இடத்தில், அஞ்சலின் மெனுவில் மூலத்தைக் காட்டு என்பதைத் திறந்தால் மேலே மெசேஜ் ஐடி என்று ஒன்று இருக்கும். அதை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டிவையுங்கள். பிறகு தேடல் பெட்டியில் இப்படி இட்டால் அந்த ஓர் அஞ்சலே திறக்கும்:

```
rfc822msgid:(இங்கே அந்த ஐடி)
```

எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டாம். பணம் தொடர்பானதும் அப்ரூவலும் என்றால் மட்டும் செய்தேன்.

சாயப்பட்டறை

நான் இந்த அஞ்சல்கள் வந்து சேரும் மறுபக்கத்தில் இருப்பவன். எங்கள் பட்டறைக்கு மெர்ச்சண்டைசர்கள் பையரின் அஞ்சலை அப்படியே 'கீழே பார்க்கவும்' என்று மட்டும் எழுதி ஃபார்வர்ட் செய்கிறார்கள். பதினெட்டு அஞ்சல்களின் வால் கீழே தொங்கும். எங்களுக்கு உரிய வரி ஒன்றுதான். அதைத் தேடி எடுக்கிற பொறுப்பு ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்த எங்கள் லேப் பையனுக்கு வருகிறது. ஒருமுறை ரிஜெக்ட் ஆன ஏ ஆப்ஷனை அப்ரூவ் என்று படித்து 300 கிலோ துணியைப் போட்டுவிட்டோம். அக்கா சொன்னபடி 'நேவி பி, பல்க் போடலாம்' என்று ஒரு வரி வந்திருந்தால் அது நேர்ந்திராது. உங்கள் உள்பெட்டியைக் காலி செய்யும் அவசரத்தில் அதை எங்கள் உள்பெட்டிக்கு மாற்றிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

குறித்த நேரம் என்பதிலும் எனக்கு உடன்பாடு குறைவு. சாய மெஷினில் துணி ஏறி நிற்கும்போது, உங்கள் மூன்றரை மணிக்காக நாங்கள் காத்திருக்க முடியாது.

பழைய கோப்பு

ஃபார்வர்ட் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். நானும் தொடக்கக் காலத்தில் அதையே செய்திருக்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, மெஷின் நிற்கிற செய்திக்கு அஞ்சல் ஏற்ற வழி அன்று. நான் பணியாற்றிய இடத்தில் 'இரண்டு மணி நேரத்துக்குள் பதில் தேவையென்றால் போன் செய்யவும்' என்று எல்லாப் பட்டறைகளுக்கும் சொல்லி வைத்திருந்தோம். நாளுக்கு நான்கைந்து அழைப்புகள் வந்தன. ஆனால் போனில் சொன்ன முடிவை அன்று மாலைக்குள் ஒரு வரி அஞ்சலாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆதாரம் இராது.

வரிக்கணக்கு

ஒரு கேள்வி எழுகிறது. தேடலில் எல்லாம் கிடைக்கும் என்றால் அழிப்பதே எதற்கு? நன்றி அஞ்சலையும் ஆர்க்கைவ் செய்துவிட்டால் அழிக்கலாமா என்று யோசிக்கும் நேரமும் மிச்சம் அல்லவா?

பழைய கோப்பு

இதில் நான் முழுத் தெளிவோடு இல்லை, ஐயா. யோசிக்காமல் ஆர்க்கைவ் செய்வது வேகம் என்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பி.ஓ. எண்ணைத் தேடும்போது, நூறு 'நோட்டட், தேங்க்ஸ்' அஞ்சல்களுக்கு இடையில் அப்ரூவலைத் துழாவியிருக்கிறேன். ஆகவே நான் கையால் அழித்தவை மூன்று வகைதான்: கண்காட்சி அழைப்பு போன்ற விளம்பரங்கள், தேதி கடந்த தானியங்கி நினைவூட்டல்கள், செய்தியே இல்லாத ஒப்புகைகள். ஐயம் எழுந்த எதையும் அழிக்கவில்லை. பையருடைய அஞ்சலை, அது நன்றியாகவே இருந்தாலும், ஷிப்மெண்ட் முடிந்து பணம் வரும் வரை அழித்ததில்லை.

கொங்கு மெர்ச்சண்டைசர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 740-ஐ நான்கு நாள்களில் முடித்தேன். அப்போது பதினொரு மறந்த வேலைகள் வெளிவந்தன. அதன் பிறகு மாலை ஆறு மணிக்கு உள்பெட்டியில் பத்துக்குள் இருக்கின்றன. காத்திருப்புப் பட்டியலைச் செவ்வாயும் வெள்ளியும் பார்க்கிறேன். உண்மையில் எனக்கு அதிகம் உதவியது அதுதான்: முன்பு நான் அனுப்பியவற்றுக்குப் பதில் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு தவறும் நேர்ந்தது. அறிவிப்புகளைக் குறைக்க, 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற முகவரிகளிலிருந்து வருபவை உள்பெட்டியைத் தவிர்த்து நேரே ஒரு லேபிளுக்குப் போகுமாறு ஃபில்டர் அமைத்தேன். கப்பல் நான்கு நாள்கள் தாமதம் என்ற அறிவிப்பும் அத்தகைய முகவரியிலிருந்தே வந்திருக்கிறது. பையர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அந்த ஃபில்டரை நீக்கிவிட்டேன், ஆனால் அறிவிப்புகள் மறுபடி நாளுக்கு முப்பது வருகின்றன.

பழைய கோப்பு

பொதுவான சொல்லை வைத்து ஃபில்டர் போடாதீர்கள். ஒவ்வோர் அனுப்புநருக்கும் முழு முகவரியோடு தனித்தனியாகப் போடுங்கள். அதற்கு முன் அந்த முகவரியிலிருந்து கடந்த ஆறு மாதத்தில் வந்தவை அனைத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதில் ஒன்றாவது உங்களைச் செயல்பட வைத்திருக்குமானால் அந்த முகவரி உள்பெட்டிக்கே வரட்டும். புதிய ஃபில்டரின் லேபிளை முதல் இரண்டு வாரங்கள் மாலையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கொங்கு மெர்ச்சண்டைசர்

நாளையே அப்படிச் செய்கிறேன், அக்கா. இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பிரிவுக்குப் பொதுவாக ஒரே முகவரி வைத்து, மூன்று மெர்ச்சண்டைசர்கள் அதையே பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். நான் பிரித்து ஆர்க்கைவ் செய்தால் மற்ற இருவருக்கும் அது மறைந்துவிடும். ஒரே உள்பெட்டியை மூவர் பிரித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

சாயப்பட்டறை

எங்கள் பட்டறையில் இருவர் அப்படிப் பார்க்கிறோம். ஆளுக்கொரு லேபிள் வைத்து, காலையில் ஒருவர் மட்டும் பங்கு போடுகிறார். மற்றவர் உள்பெட்டியைத் தொடுவதில்லை, தன் லேபிளை மட்டும் திறக்கிறார். பங்கு போடுபவர் விடுப்பில் போகும் நாளில் என்ன செய்வது என்பதற்கு எங்களிடமும் இன்னும் வழி இல்லை.